பங்கு தாவி ஏறிய பின் கவர்டு காலை ரோல் செய்வது எப்படி, டெபிட் கட்டினால் ஆகும் செலவு என்ன

கையில் உள்ள பங்குகளைக் காலாவதி நாள்வரை ஸ்டிரைக் என்ற குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை, அதாவது கால் ஆப்ஷனை, இன்னொருவருக்கு விற்று அதன் விலையாகப் பிரீமியம் வாங்கியிருக்கிறீர்கள். இதுதான் கவர்டு கால். ஸ்டிரைக் விலையை எட்டாது என்று நினைத்த பங்கோ ஒரே வாரத்தில் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. இந்த நிலையில் புதிதாக வந்தவர்கள் முதலில் கேள்விப்படும் யோசனை, விற்ற காலைத் திருப்பி வாங்கிவிட்டு, அதைவிட உயர்ந்த ஸ்டிரைக்கில், அதைவிடப் பிந்திய காலாவதியில் இன்னொரு காலை விற்பதாகும். இதைத்தான் ரோல் செய்தல் என்கிறார்கள். புதிய காலில் கிடைக்கும் பணம் பழைய காலை வாங்கும் செலவைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் கிரெடிட்டாகக் கணக்கில் வரவாகும். குறைவாக இருந்தால் வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும், அது டெபிட். பங்கு கூர்மையாக ஏறிய பின் ஸ்டிரைக்கை உயர்த்த முயன்றால், அருகிலுள்ள மாதங்களில் பெரும்பாலும் டெபிட்தான் வரும். அந்த டெபிட்டைக் கட்டலாமா, கட்டினால் எதற்காகக் கட்டுகிறோம் என்பதை ஓர் உதாரணத்தின் வழியாகப் படிப்படியாகப் பார்ப்போம்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்கச் சந்தை. அங்கே ஒரு பங்கு ஆப்ஷன் ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளுக்கானது. வாங்கியவர் காலாவதிக்கு முன் எந்த நாளிலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உதாரணத்தில் வரும் பங்கு கற்பனையானது. விலைகள் மட்டும் அப்படிப்பட்ட ஒரு பங்குக்குச் சந்தையில் காணக்கூடிய அளவில் உள்ளவை.

ஒருவர் 100 பங்குகளைத் தலா 100 டாலருக்கு வாங்கி, அன்றே 45 நாளில் காலாவதியாகும் 105 ஸ்டிரைக் காலை 2.00 டாலருக்கு விற்கிறார். பங்கு 105-ஐத் தாண்டினால் அவருக்கு 105-உம் பிரீமியம் 2-உம் சேர்ந்து 107 கிடைக்கும். அதாவது ஒன்றரை மாதத்தில் பங்குக்கு 7 டாலர் லாபம். அதில் அவருக்கு முழுத் திருப்தி. முப்பத்து மூன்று நாள் கழித்து, ஒரு நல்ல செய்தியால் பங்கு 118-க்குத் தாவுகிறது. காலாவதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. 2.00-க்கு விற்ற கால் இப்போது 13.20-இல் நிற்கிறது.

திரையில் தெரியும் சிவப்பு எண்ணை ஒதுக்கி வையுங்கள்

புரோக்கரின் திரை இந்தக் காலுக்கு நேரே 1,120 டாலர் நட்டம் என்று சிவப்பில் காட்டும். 13.20-இல் இருந்து 2.00-ஐக் கழித்து 100-ஆல் பெருக்கிய தொகை அது. தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதிலிருந்துதான் பிறக்கின்றன. காலுக்கு எதிரே இருக்கும் பங்கு அதே காலத்தில் 1,800 டாலர் ஏறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த முதலீடு லாபத்தில்தான் இருக்கிறது, அதுவும் தொடக்கத்தில் அவர் ஒப்புக்கொண்ட 7 டாலர் என்ற உச்சத்துக்கு மிக அருகில். பங்கு இன்னும் ஏறினால் வரக்கூடிய கூடுதல் லாபம் மட்டுமே கைக்கு வராமல் போகிறது. ஆகவே “காலில் விட்ட 1,120-ஐ மீட்க வேண்டும்” என்பது தீர்வுக்கு உரிய கணக்கே அல்ல. அந்தத் தொகை முடிந்துபோனது. ரோல் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது மாறாது.

முதல் படி: காலின் விலையை இரண்டாகப் பிரியுங்கள்

பங்கு 118, ஸ்டிரைக் 105. வித்தியாசமான 13 டாலர் இந்தக் காலின் உள்ளார்ந்த மதிப்பு. விலை 13.20 என்பதால் மீதமுள்ள 0.20 கால மதிப்பு. காலை விற்றவருக்கு இந்தக் கால மதிப்பு மட்டுமே இனிமேல் சம்பாதிக்கக் கிடைக்கும் தொகை. 12 நாளும் காத்திருந்தாலும் பங்கு 105-க்கு மேல் இருக்கும்வரை அவருக்கு இனி வரக்கூடியது இந்த 20 சென்ட்தான்.

இந்தப் பிரிவினை ரோல் செய்யும் நேரத்தையும் காட்டிக்கொடுக்கிறது. பங்கு தாவிய அன்றே பழைய காலில் ஒரு டாலருக்கு மேல் கால மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அன்று திருப்பி வாங்கினால் அந்த டாலரையும் நாம்தான் கொடுக்கிறோம். அன்று வாங்குபவர் தரும் விலையான பிட்டுக்கும் விற்பவர் கேட்கும் விலையான ஆஸ்க்குக்கும் இடையிலான இடைவெளியும் அகன்று கிடக்கும். சில நாள் பொறுத்தால் இரண்டும் சுருங்குகின்றன. எனவே தாவிய நாளின் முதல் மணி நேரத்தில் ரோல் செய்வது பெரும்பாலும் அவசரத்துக்குக் கொடுக்கும் கட்டணமாகவே முடிகிறது. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: மாற்றுகளை வரிசையாக எழுதுங்கள்

அடுத்த மாதக் காலாவதிக்கு இன்றிலிருந்து 40 நாள் என்று கொள்வோம். பழைய காலை 13.20-க்கு வாங்கி, 40 நாள் காலை விற்றால் கிடைக்கும் நிலைமைகள் இவை. எல்லாம் ஒரு பங்குக்கான டாலர் கணக்கு.

| புதிய ஸ்டிரைக் | விற்கும் விலை | ரோலின் விளைவு | 105-இல் விட்டுக்கொடுப்பதைவிட அதிகபட்ச ஆதாயம் | எந்த விலைக்குக் கீழே போனால் ரோல் பாதகம் |
|---|---|---|---|---|
| 105 | 14.05 | கிரெடிட் 0.85 | 0.85 | 104.15 |
| 110 | 9.95 | டெபிட் 3.25 | 1.75 | 108.25 |
| 115 | 6.55 | டெபிட் 6.65 | 3.35 | 111.65 |
| 120 | 4.00 | டெபிட் 9.20 | 5.80 | 114.20 |

110 வரிசையை மட்டும் நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் மற்றவை தாமாக விளங்கும். ஸ்டிரைக்கை 105-இலிருந்து 110-க்கு உயர்த்த 3.25 கட்டுகிறோம். “ஐந்து டாலர் இடத்தை மூன்றேகாலுக்கு வாங்கினேன்” என்று இதைச் சொல்வது வழக்கம். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. நாற்பதாம் நாள் பங்கு 110-க்கு மேல் இருந்தால் 110 கிடைக்கும், அதில் கட்டிய 3.25 போக 106.75. ரோல் செய்யாமல் விட்டிருந்தால் 105 கிடைத்திருக்கும். ஆக, எல்லாம் நினைத்தபடி நடந்தாலும் ரோலின் ஆதாயம் 1.75 டாலர்தான்.

இந்த 1.75 எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். புதிய 110 காலின் உள்ளார்ந்த மதிப்பு 8, விலை 9.95, ஆகவே கால மதிப்பு 1.95. பழைய காலின் கால மதிப்பு 0.20. கழித்தால் 1.75. புதிய ஸ்டிரைக் பங்கின் இன்றைய விலைக்குக் கீழே இருக்கும்வரை இது மாறாது: ரோலில் கிடைக்கக்கூடிய உச்ச ஆதாயம் என்பது வாங்கிய கால மதிப்பிலிருந்து கொடுத்த கால மதிப்பைக் கழித்தால் வருவதுதான். உள்ளார்ந்த மதிப்பில் நாம் கட்டும் ஐந்து டாலர், உயர்ந்த ஸ்டிரைக்காக அப்படியே திரும்பி வருகிறது. அதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் அது திரும்பி வருவதற்குப் பங்கு நாற்பது நாளும் தாக்குப்பிடித்து நிற்க வேண்டும். டெபிட்டின் உண்மையான செலவு அந்த நிபந்தனைதான்.

அந்த நிபந்தனையின் எல்லை அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. பழைய ஸ்டிரைக்கோடு டெபிட்டைக் கூட்டினால் 108.25. நாற்பதாம் நாள் பங்கு அதற்குக் கீழே இருந்தால், பேசாமல் 105-க்கு விட்டுக்கொடுத்திருப்பதே மேல் என்று ஆகிவிடும். 118-இலிருந்து 108.25 வரை இறங்க 8 சதவீதத்துக்குச் சற்று அதிகமான சரிவு வேண்டும். ஒரே வாரத்தில் 118 வரை தாவிய பங்குக்கு நாற்பது நாளில் அந்த அளவு இறங்குவது அரிய காரியம் அல்ல. 120 ஸ்டிரைக்கைத் தேர்ந்தால் ஆதாயம் 5.80 வரை போகும். ஆனால் வெறும் 3.80 டாலர் இறங்கினாலே, அதாவது 3 சதவீதச் சரிவிலேயே, எல்லையைத் தொட்டுவிடுவோம். ஸ்டிரைக்கை உயர்த்த உயர்த்த, காலை விற்றுப் பெற்ற காப்பு கரைந்து, வெறும் பங்கை வைத்திருப்பவரின் நிலைக்கு நெருங்கி வருகிறோம்.

இன்னொரு சிறிய கழிவும் உண்டு. 105-இல் பங்கைக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் 28 நாள் முன்னதாகக் கைக்கு வந்திருக்கும். குறுகிய கால வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 105 டாலருக்கு 28 நாளில் சுமார் 32 சென்ட். ஆகவே 1.75 என்பது உண்மையில் 1.43 ஆகிறது. 105 ஸ்டிரைக்கிலேயே தள்ளிப்போட்டு 0.85 வாங்குபவருக்கு, வட்டியைக் கழித்தால் மிஞ்சுவது ஐம்பது சென்ட்டுக்கும் சற்று அதிகம் மட்டுமே.

மூன்றாம் படி: கேள்வியைப் புதிதாகக் கேளுங்கள்

ரோல் என்ற பெயர் ஒரே வியாபாரம் தொடர்வதுபோல் ஒரு தோற்றத்தைத் தருகிறது. உண்மையில் அங்கே ஒன்று முடிந்து வேறொன்று தொடங்குகிறது. இன்றைக்கே எல்லாவற்றையும் முடித்தால், பங்கை 118-க்கு விற்று காலை 13.20-க்கு வாங்கி, 104.80-உடன் வெளியே வரலாம். 110 காலுக்கு ரோல் செய்தவரோ அந்த 104.80-ஐ உள்ளேயே விட்டு, மேலும் 3.25-ஐச் சேர்த்து, ஆக 108.05-ஐ இதில் போட்டிருக்கிறார். பங்கை 118-க்கு வாங்கி 110 காலை 9.95-க்கு விற்கும் ஒரு புதியவர் போடும் பணமும் அதே 108.05தான்.

எனவே கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பங்கு என்னிடம் இல்லவே இல்லை, கையில் பணம் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 108.05 போட்டு 40 நாளில் 1.95 சம்பாதிக்கும் இந்த வியாபாரத்தில் நான் இன்று இறங்குவேனா? இறங்குவேன் என்றால் டெபிட் நியாயமானது. தயக்கம் வந்தால், ரோல் செய்ய விரும்பியது பங்கின் மேல் உள்ள மதிப்பால் அல்ல, விட்டுக்கொடுக்க மனம் வராததால் என்று பொருள்.

இரண்டு விதமாகத் தவறிப் போகலாம்

முதலாவது, பங்கு திரும்பி இறங்குவது. 3.25 கட்டி 110-க்கு ரோல் செய்த பின் பங்கு நாற்பதாம் நாள் 103-இல் முடிகிறது என்று வைப்போம். புதிய கால் மதிப்பற்றுப் போகும். அதில் வந்த 9.95 முழுதும் நமக்கே. ஆனால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். முதலில் வந்தது 2.00, பின் கொடுத்தது 13.20, பின் வந்தது 9.95, ஆக ஆப்ஷன்களில் 1.25 கைப்பணம் போயிருக்கிறது. பங்கில் 3 டாலர் லாபம். இரண்டும் சேர்ந்து 1.75. ஒன்றும் செய்யாமல் இருந்தவர் 7.00-ஐ வாங்கிக்கொண்டு போயிருப்பார். பங்கு வாங்கிய விலையைவிட மேலேதான் நிற்கிறது, ஆனாலும் கைக்கு வரவிருந்த லாபத்தில் முக்கால் பங்கு கரைந்துவிட்டது. உச்சத்தில் விலை கொடுத்து ஸ்டிரைக்கை உயர்த்திய பின் பங்கு கீழே வருவதுதான் டெபிட் ரோல்களில் மிகுதியாக வலிக்கும் நிகழ்வு.

இரண்டாவது, பங்கு தொடர்ந்து ஏறுவது. இதை ஏன் தவறு என்கிறோம் என்று வியக்கலாம். முதல் சுற்றில் ரோல் செய்யாமல் காத்திருந்து, பங்கு அதற்குள் 130-க்குப் போனதாகக் கொள்வோம். அப்போது 105 கால் ஏறத்தாழ 25.15-இல் இருக்கும், 40 நாள் 110 கால் 20.70-இல் இருக்கும். ஐந்து டாலர் ஸ்டிரைக்கை உயர்த்த டெபிட் 4.45. உச்ச ஆதாயம் 0.55 மட்டுமே. ஸ்டிரைக் பங்கு விலைக்கு அருகில் இருக்கும்போது கால மதிப்பு மிகுதி; விலை ஸ்டிரைக்கைவிட்டு விலக விலக அது மெலிந்துபோகும். ஆகவே ஆழமாக உள்ளே போய்விட்ட, அதாவது ஸ்டிரைக் பங்கு விலைக்கு வெகு கீழே நிற்கும் காலைச் சிறிது உயர்த்துவதில் பயன் கிடையாது. ஒரு டாலர் உயர்வுக்கு ஏறக்குறைய ஒரு டாலரையே கொடுக்கிறோம், கமிஷனும் பிட்-ஆஸ்க் இடைவெளியும் மிச்சத்தை விழுங்கிவிடும். இந்நிலையில் முழுவதுமாகக் காலைத் திருப்பி வாங்குவதோ, பங்கை விட்டுக்கொடுப்பதோதான் தெளிவான வழிகள்.

“டெபிட் கட்டவே மாட்டேன்” என்பவரின் வழி

பலர் கிரெடிட் வந்தால் மட்டுமே ரோல் செய்வது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான், ஆனால் அதற்கும் விலை உண்டு. நம் உதாரணத்தில் 110 ஸ்டிரைக்கை டெபிட் இல்லாமல் பெற வேண்டுமானால், 13.20-க்கு விற்கக்கூடிய 110 கால் வேண்டும். அது ஏறத்தாழ நான்கு மாதம் தள்ளிய காலாவதியில்தான் கிடைக்கும். கைப்பணம் போகவில்லை என்ற நிம்மதிக்காக நான்கு மாதம் ஐந்து டாலர் உயர்வுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இடையில் பங்கு இறங்கினால் அதையும் தாங்க வேண்டும். நாள் கணக்கில் பார்த்தால் நீண்ட காலாவதியின் கால மதிப்பு மெதுவாகவே கரைகிறது. டெபிட்டில் பணத்தைக் கொடுக்கிறோம், நீண்ட கிரெடிட்டில் காலத்தைக் கொடுக்கிறோம். இரண்டில் எது மலிவு என்பதை மேலே சொன்ன அதே கணக்கால்தான் எடைபோட வேண்டும். என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவர்கள் 60 நாளுக்கு மேல் தள்ளாமல் கிரெடிட் வராவிட்டால் ரோலைக் கைவிட்டு, பங்கை 105-க்கே கொடுத்துவிடுவது நல்லது. பணம் வந்த பின் அதே பங்கின் மேல் நம்பிக்கை இருந்தால் மீண்டும் வாங்க யாரும் தடுக்கப் போவதில்லை.

டெபிட் கட்டுவது பொருந்தும் இடம்

பங்கை விற்கவே முடியாத காரணம் ஒன்று இருந்தால் கணக்கு மாறுகிறது. பத்து ஆண்டுக்கு முன் 20 டாலருக்கு வாங்கிய பங்கின் மேல் கால் விற்றவர் அமெரிக்காவில் வரி கட்டுபவராக இருந்தால், 105-க்குப் பங்கு போவது 85 டாலர் லாபத்துக்கு ஒரே ஆண்டில் வரி கட்ட வைக்கும். அந்த வரியைத் தள்ளிப்போடுவதன் மதிப்பு 3.25-ஐவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். ஆனால் அவருக்கும் ரோல் ஒன்றே வழி அல்ல. சந்தையில் 118-க்குப் புதிதாக 100 பங்கை வாங்கி, பழையவற்றுக்குப் பதில் அவற்றைக் கொடுக்கும்படி புரோக்கரிடம் குறிப்பிட்ட லாட்டைத் தேர்ந்து சொல்லலாம். பழைய பங்குகள் தொடாமல் இருக்கும். அல்லது காலை 13.20-க்கு வாங்கி முடித்துவிட்டு, பங்கைத் தடையின்றி ஏறவிடலாம்.

வரி விதியில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க வரிச் சட்டம் கவர்டு காலுக்குத் தரும் சலுகையான நிலையைப் பெற, புதிய காலுக்கு விற்கும்போது 30 நாளுக்கு மேல் ஆயுள் இருக்க வேண்டும். அது பங்கு விலைக்கு மிக ஆழமாக உள்ளேயும் இருக்கக் கூடாது. ஸ்டிரைக்குகள் 5 டாலர் இடைவெளியில் உள்ள நம் பங்கில், 118 விலைக்குக் கீழே உள்ள முதல் ஸ்டிரைக் 115. ஆகவே 40 நாள் 110 கால் அந்த வரம்புக்குள் வராது. அப்படி வராவிட்டால் நட்டத்தைக் கணக்கில் காட்டுவது தள்ளிப்போகலாம், பங்கு வைத்திருந்த கால எண்ணிக்கையும் பாதிக்கப்படலாம். ரோல் செய்யும் முன்பே வரிக் கணக்கரிடம் இதைக் கேட்டுவிடுவது உசிதம்.

நான்காம் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

பொறுத்திருப்பதற்கு எல்லை உண்டு என்றோம். அந்த எல்லை பெரும்பாலும் எக்ஸ்-டிவிடெண்ட் நாள், அதாவது அன்றிலிருந்து பங்கை வாங்குபவருக்கு அறிவித்த டிவிடெண்ட் கிடைக்காத நாள். இந்தப் பங்கு எட்டு நாளில் 50 சென்ட் டிவிடெண்டுக்கு எக்ஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வைத்திருப்பவருக்கு மிச்சமிருக்கும் கால மதிப்பு 20 சென்ட். முந்தின நாளே காலைப் பயன்படுத்திப் பங்கை எடுத்துக்கொண்டால் அவருக்கு 50 சென்ட் டிவிடெண்ட் கிடைக்கும். அவர் எடுத்துக்கொள்ளவே செய்வார். அமெரிக்காவில் ஆப்ஷன்களைத் தீர்த்துவைக்கும் ஓசிசி என்ற அமைப்பு, அந்தக் கோரிக்கையைக் கால் விற்றவர்களின் புரோக்கர்களிடையே குலுக்கல் முறையில் ஒதுக்கும். மறுநாள் காலையில் திரையைத் திறந்தால் பங்கு போயிருக்கும், ரோலுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய சோதனை உண்டு: அதே காலாவதியில் அதே 105 ஸ்டிரைக் புட்டின், அதாவது பங்கை 105-க்கு விற்கும் உரிமையின், விலையைப் பாருங்கள். அது டிவிடெண்டைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் பங்கைக் கொடுக்கச் சொல்லும் அசைன்மென்ட் காலாவதிக்கு முன்கூட்டியே வரும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பங்கு ஏன் ஏறியது என்று பார்ப்பது. வேறொரு நிறுவனம் ரொக்கமாக 119 டாலர் கொடுத்து இதை வாங்க ஒப்பந்தம் போட்டதால் 118-க்குத் தாவியிருந்தால், பங்கு அந்த விலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிந்திய மாதக் கால்களில் கால மதிப்பு ஏறக்குறைய வறண்டுவிடும். அங்கே ரோல் செய்வதில் சம்பாதிக்க எதுவும் இல்லை. டெபிட் கட்டினால் ஒப்பந்தம் முறிந்து பங்கு சரியும் ஆபத்தை மட்டுமே விலை கொடுத்து வாங்குகிறோம்.

இந்தியச் சந்தையில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. என்எஸ்இயில் பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகையைச் சேர்ந்தவை. காலாவதி நாளில் மட்டுமே அவை பயன்படுத்தப்படும், ஆகவே முன்கூட்டிய அசைன்மென்ட் என்ற தொல்லை இல்லை. காலாவதியில் பங்காகவே கொடுத்து வாங்கும் முறை 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் நடப்பில் உள்ளது. ஆனால் அங்கே அடுத்தடுத்த மூன்று மாதங்களுக்கான ஒப்பந்தங்களே உள்ளன, அடுத்த மாதத்தைத் தாண்டினால் வியாபாரம் மெலிந்துவிடும்; டெபிட் இல்லாமல் நான்கு மாதம் தள்ளுவது என்ற வழியே அங்கு இல்லை.

ஐந்தாம் படி: ஆர்டரைப் போடுவது

பழையதைத் தனியாக வாங்கிவிட்டுப் புதியதைத் தனியாக விற்காதீர்கள். இடைப்பட்ட சில நிமிடங்களில் பங்கு ஒரு டாலர் அசைந்தால் நம் 1.75-இல் பாதி போய்விடும். இரண்டையும் ஒரே ஆர்டராக, நிகர விலைக்கு வரம்பு வைத்துப் போட வேண்டும். 105 காலின் பிட் 13.05, ஆஸ்க் 13.35 என்றும், 110 காலின் பிட் 9.75, ஆஸ்க் 10.15 என்றும் திரையில் இருக்கிறது. நடு விலைகளின் வித்தியாசம் 3.25. சந்தை விலை ஆர்டர் போட்டால் 13.35-க்கு வாங்கி 9.75-க்கு விற்று 3.60 கட்ட நேரும். அந்த 35 சென்ட், நாம் எதிர்பார்க்கும் உச்ச ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு; நூறு பங்குக்கு 35 டாலர். ஆகவே முதலில் நடு விலையிலேயே வைத்துப் பாருங்கள்:

```
BUY TO CLOSE   1   105 CALL   (12 days)
SELL TO OPEN   1   110 CALL   (40 days)
LIMIT   NET DEBIT 3.25   DAY
```

சில நிமிடங்களில் நிறைவேறாவிட்டால் ஐந்து சென்ட் உயர்த்தி 3.30, பின் 3.35 என்று போகலாம். எதுவரை போகலாம் என்பதை ஆர்டர் போடும் முன்பே தாளில் எழுதி வைத்துவிடுங்கள். டெபிட் 3.50 ஆனால் உச்ச ஆதாயம் 1.50, வட்டியைக் கழித்தால் 1.18, அதற்கு மேல் போகும் விலைக்கு இந்த ரோல் பெறாது என்றே நான் நினைக்கிறேன். சந்தை திறந்த முதல் அரை மணி நேரத்தில் இடைவெளிகள் அகலமாக இருக்கும் என்பதால் அதன் பிறகு முயல்வது நல்லது.

நிறைவேறிய பின், குறிப்பேட்டில் பழைய 2.00-ஐயும் புதிய 9.95-ஐயும் தனித்தனி வெற்றிகளாக எழுதாமல், ஒரே வரியில் எழுதுங்கள்: பங்கு 100, இதுவரை ஆப்ஷன்களில் நிகரமாகப் போனது 1.25, இப்போது உள்ள உச்சம் 110, பாதக எல்லை 108.25. இனி ஒவ்வொரு வாரமும் பங்கு விலையை இந்தக் கடைசி எண்ணோடு ஒப்பிட வேண்டும். 110-உடன் ஒப்பிட்டால் போதாது. காலாவதிக்குப் பத்து நாள் இருக்கையில் பங்கு மீண்டும் ஏறி, இரண்டாவது டெபிட் கட்டலாமா என்ற கேள்வி எழுந்தால், அந்தக் கணக்கில் முதல் டெபிட்டைக் கொண்டுவரக் கூடாது. அன்றைய பங்கு விலை, அன்றைய கால மதிப்புகள் ஆகியவற்றை மட்டும் வைத்து மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.